சிமெண்டட் ஸ்டெம்மா, அன்சிமெண்டட் ஸ்டெம்மா: முதிய இடுப்பில் எது பிடித்து நிற்கும்?

மழை விட்ட மறுநாள், ஏற்காட்டுக் காபித் தோட்டத்தின் பாசி படிந்த கல்படியில் 74 வயது அம்மா ஒருவர் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை 46 கிலோ. தொடை எலும்பின் கழுத்து முறிந்து தலை விலகிவிட்டது. மலையிலிருந்து இறக்கி, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. இந்த வயதில் முறிந்த தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பதே வழக்கம். அந்தத் தலையைத் தாங்கும் தண்டைத்தான் ஸ்டெம் என்கிறோம். அது எலும்புக் குழலுக்குள் எதன் பிடியில் நிற்க வேண்டும் என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

சிமெண்டட் வழியில் பிடிப்பைக் கொடுப்பது பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் கலவை. பெயர்தான் சிமெண்ட், அது பசைபோல ஒட்டுவதில்லை. எலும்பின் சல்லடைத் துளைகளுக்குள் புகுந்து இறுகி, ஸ்டெம்முக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. நடக்கும்போது வரும் எடை ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. அன்சிமெண்டட் வழியில், சொரசொரப்பான பூச்சுள்ள டைட்டானியம் ஸ்டெம்மைக் குழலுக்குள் இறுக்கமாக அடித்து இறக்குவார்கள். சில வாரங்களில் எலும்பு வளர்ந்து அந்தப் பூச்சைப் பற்றிக்கொள்ளும். அதுவரை ஸ்டெம் அசையாமல் இருக்க வேண்டும். ஏறக்குறைய 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும், பிடிப்பு வராது.

ஆகவே வயதைக் கேட்பதற்கு முன் எக்ஸ்ரேயில் ஸ்கேல் வைப்பதே சரியான தொடக்கம். தொடை எலும்பின் உட்பக்கம் புடைத்திருக்கும் சிறு முண்டின் நடுமட்டத்தில் குழலின் அகலத்தை அளக்க வேண்டும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே மறுபடி அளக்க வேண்டும். நம் நோயாளிக்கு மேலே 22 மி.மீ., கீழே 17 மி.மீ. என்றால் விகிதம் 0.77. தொடை எலும்பின் வடிவத்தைப் பிரிக்கும் டார் வகைப்பாட்டில், விகிதம் 0.5-க்குக் கீழே இருந்தால் டார் ஏ வகை. மேலே அகன்று கீழே குறுகிய, தடித்த சுவருள்ள எலும்பு. 0.75-ஐத் தாண்டினால் டார் சி. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில், மெல்லிய சுவரோடு புகைக்குழாய்போல இருக்கும். கீழே அளந்த அதே இடத்தில் எலும்பின் வெளி அகலம் 26 மி.மீ. என்றால் இரு பக்கச் சுவரும் சேர்ந்து 9 மி.மீ.தான் தேறுகிறது. இந்தக் குழாயில் அன்சிமெண்டட் ஸ்டெம் இறுகிப் பிடிக்க இடமே இல்லை.

பிடிப்பதற்காகப் பெரிய அளவு ஸ்டெம்மை அடித்து இறக்கினால் என்ன ஆகும்? ஸ்டெம்மின் வடிவமே ஆப்பு. விறகில் ஆப்பு இறங்குவதுபோலத்தான் எலும்பிலும் இறங்கும். சுவர் தடிப்பாக இருந்தால் விரிசலைத் தாங்கும், மெலிந்திருந்தால் பிளந்துவிடும். அடிக்கும்போது அறுவை மேடையிலேயே அடையாளம் தெரியும்: அதுவரை ஒரே சீராகக் கேட்ட சத்தம் திடீரென்று மாறும், அல்லது நின்றுகொண்டிருந்த கருவி சட்டென்று சில மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். உடனே நிறுத்தி, உட்புற விளிம்பைத் திறந்து பார்த்து, விரிசல் இருந்தால் கம்பி சுற்றிக் கட்டிய பிறகே மேற்கொண்டு போக வேண்டும். கண்ணுக்குப் படாத மயிரிழை விரிசல்தான் மோசம். நோயாளி வீட்டுக்குப் போய் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தரையிலிருந்து எழும்போதோ, காலை ஊன்றித் திரும்பும்போதோ ஸ்டெம் உள்ளே முறுக்கிக்கொண்டு எலும்பைப் பிளக்கும்.

இது வெறும் ஊகமில்லை. பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட, இடுப்பு முறிந்த 1,225 பேரிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. ஸ்டெம்மைச் சுற்றி எலும்பு முறிந்தவர்கள் சிமெண்டட் பிரிவில் 0.5 சதவீதம், புது வகை அன்சிமெண்டட் பிரிவில் 2.1 சதவீதம். நான்காம் மாதத்தில் வாழ்க்கைத் தரமும் சிமெண்டட் பிரிவில் மேலாக இருந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முறையே 23.9, 27.8 சதவீதம். இந்த இறப்பு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் அதை வைத்து வாதாடக் கூடாது. ஆனால் ‘சிமெண்ட் போட்டால் ஆளைக் கொன்றுவிடும்’ என்ற பயத்துக்கு இந்த எண்களில் ஆதரவில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிமெண்டை அழுத்தும்போது குழலுக்குள் இருக்கும் கொழுப்பும் மஜ்ஜையும் இரத்தத்தில் ஏறி நுரையீரலை அடைக்கலாம். ஆக்சிஜன் அளவும் இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். அரிதாக இதயமே நின்றுவிடும். முதியவர், இதய நோய் உள்ளவர், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் தண்ணீர் குடிக்காமல் வலியோடு கிடந்து, பிறகு மலையிலிருந்து வந்தவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஆனால் எந்த நிமிடத்தில் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஆபத்து இது. நோயாளி மேடையில், மயக்க மருத்துவரின் கண்முன் இருக்கும்போதே வருகிறது. அன்சிமெண்டட் ஸ்டெம்மைச் சுற்றி வரும் முறிவோ வீட்டில், யாரும் பார்க்காதபோது வருகிறது. என் தீர்ப்பு இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

சிமெண்டின் ஆபத்தைக் குறைக்கும் வேலை அதைக் கலக்குமுன்பே முடிந்திருக்க வேண்டும். நீரிழப்பை முதலில் சரிசெய்வது; குழலை உப்புநீரால் பீய்ச்சிக் கழுவி, பிரஷ் போட்டு, துணி திணித்து உலர்த்துவது; ஸ்டெம் முனைக்குச் சற்றுக் கீழே அடைப்பான் வைப்பது. ‘சிமெண்ட் போகிறது’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து அப்போது சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு பாக்கெட் தேவைப்படும்: ஒவ்வொன்றிலும் 40 கிராம் பொடி, சுமார் 20 மி.லி. திரவம். சிமெண்டைச் செலுத்தும் துப்பாக்கி மூலம் அடியிலிருந்து மேலாக நிரப்பினால் காற்றும் இரத்தமும் சிக்காது. தளர்ந்த உடல் என்றால் அழுத்தும் வேகத்தையும் தணித்துக்கொள்ள வேண்டும். கலந்ததிலிருந்து இறுக ஏறக்குறைய 10 முதல் 12 நிமிடம் ஆகும். அதுவரை ஸ்டெம்மை அசைக்கக் கூடாது. அறை வெப்பம் கூடினால் இந்த நேரம் சுருங்கிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் ஏசி சரியாகக் குளிரவில்லை என்றால் ஸ்டெம் பாதி இறங்கும்போதே கலவை கெட்டியாகும். தியேட்டர் வெப்பமானியைப் பார்க்காமல் பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது.

அன்சிமெண்டட் வழிக்கும் உரிய ஆள் உண்டு. தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று மூட்டுக் கெட்டுப்போன 45 வயதுக்காரர், டார் ஏ எலும்பு என்றால் அதுவே என் தேர்வு. எலும்பே பிடித்துக்கொண்ட ஸ்டெம் பல்லாண்டு நிற்கும். பிற்பாடு மாற்ற நேர்ந்தால் பழைய சிமெண்டை உளியால் பெயர்க்கும் பாடும் இல்லை. 70 வயதிலும் சுவர் தடிப்பாக இருப்பவருக்கு இதை யோசிக்கலாம். அப்போது காலர் உள்ள ஸ்டெம்மை எடுப்பது நல்லது, அது எலும்பு விளிம்பில் அமர்ந்து ஆழ இறங்குவதையும் முறுக்குவதையும் குறைக்கிறது.

நம் காபித் தோட்டத்து அம்மாவுக்குச் சிமெண்டட் ஸ்டெம்மே சரி. அப்போதும் முறிவு வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது; வீட்டுக்குப் போக அதே கல்படிதான் இருக்கிறது. நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று தொடையில் வலி வந்தாலோ, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தாலோ, நடக்க வைத்துப் பார்க்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அறுவை முடிந்ததும் எடுத்த முதல் படத்தையும் கூடவே கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் ஸ்டெம் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். எலும்பு முறிந்தும் ஸ்டெம் இறுக்கமாக நின்றால் தகடும் கம்பியும் போதும். ஸ்டெம்மும் தளர்ந்திருந்தால், முறிவைத் தாண்டிக் கீழே போய்ப் பிடிக்கும் நீண்ட ஸ்டெம்மாக மாற்றியாக வேண்டும்.