ஸ்பேசரோடு மூன்றரை வருடம்: நாங்கள் தப்பாகச் செய்ததும் திருத்திக்கொண்டதும்

என் பையனுக்கு இரண்டரை வயதில் ஆஸ்துமா என்று தெரிந்தது. அன்று வீட்டுக்கு மூன்று சாமான்கள் வந்தன. ஒரு புடசொனைட் இன்ஹேலர், இன்ஹேலரைச் சொருகி அதன் வழியே மருந்தை மூச்சில் இழுக்க ஒரு பிளாஸ்டிக் குழாய், அதாவது ஸ்பேசர், அதன் முனையில் மாட்டும் குட்டி மாஸ்க். தினமும் காலையில் இரண்டு பஃப், இரவில் இரண்டு பஃப். மருந்துக் கடையில் கேட்டதற்கு, "குலுக்கி அடிங்க, அவ்வளவுதான்" என்றார்கள். அந்த "அவ்வளவுதான்" எங்களுக்கு ஆறு மாதத்தைத் தின்றது.

ஒருவேளை கூட தவறாமல்தான் கொடுத்தோம். அப்படியும் விடிகாலை மூன்று மணி இருமல் நிற்கவில்லை. "இன்ஹேலர் பழக்கமாயிடும், வேண்டாம்" என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த என் மாமியாருக்கு இது வசதியாகப் போயிற்று. மருந்தின் அளவைக் கூட்டச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் டாக்டரிடம் போனேன். அவரோ, "வீட்ல எப்படிக் கொடுக்கிறீங்களோ, அப்படியே இங்க செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். பையனைப் பிடித்து, மாஸ்க்கை வைத்து, டப் டப் என்று இரண்டு பஃப் அடித்தேன். அவன் கத்தினான். பத்து எண்ணி எடுத்துவிட்டேன். "இதுல கால்வாசி மருந்து உள்ள போயிருந்தா பெரிய விஷயம்" என்றார் டாக்டர்.

முதல் தப்பு, மாஸ்க்குக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. குழந்தை மூச்சை இழுக்கும்போது காற்று எந்த வழி சுலபமோ அந்த வழியாக வரும். ஓரத்தில் சந்து இருந்தால் வெளிக்காற்று அதன் வழியே நுழைந்துவிடும், ஸ்பேசருக்குள் இருக்கும் மருந்து அங்கேயே நிற்கும். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வால்வைக் கவனிக்கச் சொன்னார். எங்கள் ஸ்பேசரில் வால்வு வெளியே தெரியும். அவன் ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் அது அசைய வேண்டும். அசையாவிட்டால் மாஸ்க் எங்கோ தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது தப்பு, அழும்போது கொடுத்தது. அழுதால் ஆழமாக மூச்சு இழுப்பான், மருந்து நன்றாகப் போகும் என்று நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. அழுகை என்பது நீளமாக மூச்சை விட்டு, நடுவில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. அந்த வேகத்தில் வரும் மருந்து வாயிலும் தொண்டையிலும் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்கு இறங்குவது கொஞ்சம்தான்.

மூன்றாவது, இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, ஸ்பேசரின் சுவரில் படிந்துவிடும்.

அன்று அவர் கற்றுக்கொடுத்ததைத்தான் இன்றுவரை செய்கிறோம். என் மடியில், முதுகு என் மார்பில் சாய்ந்திருக்கும்படி உட்காரவைப்பேன். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, நிமிர்ந்த நிலையில் ஸ்பேசரின் பின்பக்கம் சொருகுவேன். மாஸ்க்கை முதலில் மூக்குத் தண்டில் பதித்து, அப்புறம் தாடையை நோக்கி இறக்குவேன். ஒரே ஒரு பஃப். அவன் சாதாரணமாக மூச்சு விட வேண்டியதுதான், ஐந்தாறு மூச்சுவரை மாஸ்க் நகரக்கூடாது. அரை நிமிடத்துக்கு மேல் விட்டு, இன்ஹேலரை மறுபடி குலுக்கி, இரண்டாவது பஃப். மறுபடி குலுக்குவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். முடிந்ததும் வாயில் கொஞ்சம் தண்ணீர், முகத்தில் மாஸ்க் பட்ட இடத்தை ஈரத்துணியால் ஒரு துடைப்பு. இந்த இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு. வாயில் தங்கினால் வெள்ளைப் படலம் வரும், தோலில் தங்கினால் எரிச்சல் வரும்.

அழாமல் உட்காரவைக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் மருந்து நேரத்துக்கு வெளியே, இன்ஹேலர் இல்லாத வெறும் ஸ்பேசரை விளையாடக் கொடுத்தோம். அவன் அதை யானைக்கு மாட்டினான், அப்பாவுக்கு மாட்டினான், பாட்டிக்கும் மாட்டினான். பாட்டி முனகிக்கொண்டே ஆறு மூச்சு விட்டார்! அப்புறம் எண்ணுவதை அவனுடைய வேலையாக்கினோம். விரலை மடக்கி ஆறு வரை. தூங்கும்போது கொடுத்தும் பார்த்தேன். மாஸ்க் பட்டதும் விழித்து, பயந்து, முன்பைவிடப் பெரிய அழுகை. அதைக் கைவிட்டோம்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு மாதம் இருமல் கூடியது. காரணம் என் சுத்தம்! ஸ்பேசரைக் கழுவி, பளபளவென்று துணியால் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும், மருந்துத் துளிகளைச் சுவர் இழுத்துக்கொள்ளும். சீப்பால் தலைவாரிக் காகிதத் துண்டை இழுப்போமே, அதே கதை. இப்போது ஸ்பேசரோடு வந்த தாளில் சொன்னபடி, கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, உள்ளே தேய்க்காமல், துடைக்காமல், நிமிர்த்தித் தானாகக் காயவிடுகிறேன். மெல்லிய சோப்புப் படலம் உள்ளே தங்குவதே மின்சாரம் ஏறாமல் தடுக்கும். முகத்தில் படும் மாஸ்க்கை மட்டும் தண்ணீரில் அலசுவேன். முதல் ஸ்பேசரின் வால்வு ஒரு வருடத்தில் விறைத்து, மூச்சுக்குச் சரியாக அசையாமல் போனது. புதிது வாங்கினேன், அதையும் முதல் உபயோகத்துக்கு முன்பே கழுவினேன்.

இன்னொரு ஏமாற்று, காலியான இன்ஹேலர். எங்களுடையதில் 200 பஃப். ஒரு நாளைக்கு நான்கு என்றால் 50 நாள். ஆனால் 60-ஆம் நாளும் அழுத்தினால் புஸ்ஸென்று ஏதோ வரும், குலுக்கினால் சத்தமும் கேட்கும். அது பெரும்பாலும் தள்ளும் வாயு, மருந்தின் அளவு அதில் நம்பும்படி இருக்காது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வித்தையும் உதவாது. எண்ணிக்கை காட்டும் கவுன்ட்டர் இல்லாததால், தொடங்கும் அன்றே முடியும் தேதியை மார்க்கரால் அதன்மேல் எழுதிவிடுகிறேன்.

நாலரை வயதில் மாஸ்க்கைக் கழற்றி, ஸ்பேசரின் முனையை நேராக வாயில் வைக்கப் பழக்கினோம். மாஸ்க்கில் ஒரு பகுதி மூக்கில் வடிகட்டப்பட்டு வீணாகும், வாய்வழி என்றால் அது மிச்சம். முதல் சில நாள் உதட்டை அழகாக மூடிக்கொண்டு, மூச்சை மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தான். வால்வுதான் காட்டிக்கொடுத்தது. ஒரு தடவை நாக்கை நீட்டி ஓட்டையை அடைத்திருந்தான்.

நீல இன்ஹேலர், அதாவது சால்பியூட்டமால், தனி. வீசிங் வந்தால் எத்தனை பஃப், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்று டாக்டர் அவனுக்கென எழுதிக் கொடுத்த தாள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அதற்கும் இதே முறைதான், அவசரத்திலும் ஒவ்வொரு பஃப்பாகத்தான். விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தால், பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் வீட்டில் காத்திருப்பதில்லை. போகும் வழியிலும் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போன மார்கழியில் நல்ல இளைப்பு. ஆறு வயதாகிவிட்டதால் வாயில்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தான். மூச்சு வேகமாக இருந்ததால் உதட்டை மூடிப் பிடிக்க முடியவில்லை, வால்வும் அசையவில்லை. அலமாரியிலிருந்து பழைய மாஸ்க்கை எடுத்து மாட்டினேன். அவனுக்குக் கோபம். ஆனால் விரலை மட்டும் மடக்கிக்கொண்டே இருந்தான், ஆறு வரை.