வெள்ளைப்பலகைப் படம்: செயலியிடம் கொடுப்பதா, கையால் தட்டுவதா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்கத்தின் வாராந்திரக் கூட்ட அட்டவணை வெள்ளைப்பலகையில்தான் இருக்கும். ஞாயிறன்று ஒருவர் போனில் படம் எடுப்பார், அதை எல்லோரும் பார்க்கும் அட்டவணையாக மாற்றுவது என் வேலை.

படத்திலிருந்து அட்டவணை எடுக்கும் செயலி அரை நிமிடத்தில் முடித்துவிடும். அச்செழுத்துக்கு அது சரி. எங்கள் பலகையிலோ செவ்வாய் வரிசையில் "6.30, சிறு அறை" என்று எழுதி, புதனுக்குக் கீழே இரண்டு மேற்கோள் குறி மட்டும் போட்டிருந்தார்கள். 'மேலே உள்ளதே' என்பது நமக்குப் புரியும். செயலி அதை 11 என்று படித்தது. வியாழனிலிருந்து வெள்ளிக்குப் போன அம்புக்குறியைக் காணவே காணோம். ஒவ்வொரு கட்டத்தையும் படத்தோடு ஒப்பிட இருபது நிமிடம் ஆயிற்று.

கையால் தட்டினால் பதினைந்து வரிக்குப் பத்து நிமிடம். படத்தைத் திரையின் பாதியில் வைத்து, நாள், நேரம், அறை, பொறுப்பாளர் என்று நான்கே பத்தி. வரிக்கு ஒரு கூட்டம், கட்டங்களை இணைக்கக் கூடாது. இணைத்தால் அப்புறம் நாள்வாரியாக அடுக்க முடியாது.

இதிலும் ஒரு பொறி உண்டு. கூகுள் ஷீட்ஸில் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 6.30 என்பது 6.3 ஆகிவிடும், 3/5 மார்ச் 5 ஆகிவிடும். முதலில் `File > Settings > Locale` போய் `United Kingdom` என்று மாற்றுங்கள், 3/5 மே 3 ஆகவே இருக்கும். நேரத்தை 18:30 என்றே எழுதுங்கள்.

ஐம்பது வரி, தெளிவான கையெழுத்து என்றால் செயலியிடம் விடலாம். எங்கள் பலகைக்கு விரல்தான்.