மோல்டிங் மெஷின் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு? ஆறு வருட நோட்டுக் கணக்கு

எங்கள் பட்டறையில் ஓடும் 150 டன் இன்ஜக்‌ஷன் மோல்டிங் மெஷினுக்கு ஆறு வருடமாக ஒரு பிரேக்டவுன் நோட்டு போட்டு வருகிறேன். மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கணக்குதான் முதல் இரண்டு வருடம் தப்பாக இருந்தது.

ஓடுவது பிபி பிளாஸ்டிக் மூடி. 30 வினாடிக்கு ஒரு ஷாட், அச்சில் நாலு கேவிட்டி, ஆக மணிக்கு 480 மூடி. ஒன்று 3 ரூபாய்க்குப் போகிறது. அதில் பொருள் 1.20, கரண்டும் பேக்கிங்கும் 40 காசு. மீதி 1.40. அதாவது மணிக்கு 672 ரூபாய் காண்ட்ரிப்யூஷன். ஆபரேட்டர், ஹெல்பர் இருவருக்கும் சேர்த்து மணிக்கு 175 ரூபாய் சம்பளம்.

நான் இரண்டையும் கூட்டி 847 என்று எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆடிட்டர் பார்த்துவிட்டு, "சம்பளத்தைக் கழிக்காமல்தானே 672 வந்தது? அப்புறம் அதை எதற்கு இன்னொரு தடவை கூட்டுகிறீர்கள்?" என்றார். சரிதான். மெஷின் ஓடியிருந்தால் அந்த 672-இலிருந்துதான் சம்பளம் கொடுத்திருப்போம். சம்பளத்தை முதலிலேயே கழித்து 497 என்று வைத்தால் மட்டும் 175-ஐக் கூட்டலாம். எப்படிப் போட்டாலும் 672தான்.

இரண்டாவது தப்பு, ஃபிட்டர் வேலையை முடித்ததும் கடிகாரத்தை நிறுத்தியது. பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலைச் சுற்றியிருக்கும் ஹீட்டர் பேண்ட் போனால் மாற்ற ஒரு மணி நேரம். ஆறிப்போன பேரல் சூடேற முக்கால் மணி. அப்புறம் முதல் இருபத்தைந்து, முப்பது ஷாட் கழிவு, அதற்கு இன்னொரு கால் மணி. நல்ல மூடி விழும்போது இரண்டு மணி நேரம் போயிருக்கும். பேரலிலிருந்து பர்ஜ் செய்து வெளியே தள்ளிய கட்டியும் கழிவு மூடியும் சேர்ந்து 5 கிலோ. கிலோ 120-க்கு வாங்கியது, ஸ்கிராப்பில் 40-க்குத்தான் போகும். அதில் 400, சூடேற்றும் கரண்டுக்கு 60. இரண்டு மணி நேரத்துக்கான 1,344-ஐயும் சேர்த்தால் ஆக மொத்தம் 1,804 ரூபாய். மணிக்கு 902.

இதில் 400-ம் 60-ம் சேர்ந்த 460 ரூபாய் எத்தனை மணி நேரம் நின்றது என்று பார்க்காது, எத்தனை தடவை பேரல் ஆறியது என்றுதான் பார்க்கும். ஆறு மணி நேரம் ஒரே தடவையாக நின்றால் மணிக்கு 749தான் வருகிறது. அதனால் மணி ரேட்டையும் ஸ்டார்ட் செலவையும் இப்போது தனித்தனிக் கட்டத்தில் எழுதுகிறேன்.

ஆர்டர் குறைவான மாதத்தில் 672 பொருந்தாது. விட்ட மூடியை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் கொடுத்துவிடலாம், விற்பனை போகவில்லை. அப்போது நஷ்டம் இரட்டைச் சம்பள ஓவர்டைமும் ஸ்டார்ட் செலவும் மட்டும்.

ஆனால் ஒரு தீபாவளி சீசனில் இரவு ஒரு மணிக்கு பேண்ட் எரிந்தது. கடை திறந்து வாங்கி வந்து நல்ல மூடி விழ மதியம் பன்னிரண்டு. 11 மணி நேரம், 7,852 ரூபாய். பேண்ட் விலை 900. மறுநாளே இரண்டு பேண்டும் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றும் வாங்கி ஆபரேட்டர் மேஜை டிராயரில் வைத்தேன். ஸ்டோர் ரூமில் வைக்கவில்லை, இரவு ஷிஃப்டில் அதன் சாவி என் வீட்டில் இருக்கும்.