கல்லா முடிப்புத் தாள்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் மளிகைக் கடையில் இரவு கணக்கு முடிக்க ஒரு விரிதாளைத்தான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 500 முதல் 10 வரையிலான நோட்டுகளுக்கும் நாணயங்களுக்கும் தனித்தனி வரிகள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் இட்டால், `=SUMPRODUCT(A2:A11,B2:B11)` கையிருப்பைக் கூட்டித் தந்துவிடும்.

முதல் ஆண்டில் நான் செய்த பிழை, விற்பனைத் தொகையைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணியது. வர வேண்டிய தொகை மனத்தில் இருந்தால், எண்ணும் கை அதை நோக்கியே போகிறது. நூறு ரூபாய் குறைந்தால் மறுபடி எண்ணுகிறோம், சரியாக வந்துவிட்டால் அப்படியே விட்டுவிடுகிறோம். இப்போது எண்ணி முடித்துக் கையெழுத்திட்ட பிறகே விற்பனை விவரம் உள்ள பக்கத்தைத் திறக்கிறோம். தாளில் நான் செய்த மாற்றங்களில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். காலையில் கல்லாவில் வைத்த சில்லறை 2,000, ரொக்க விற்பனை 18,460, வசூலான பழைய கடன் பாக்கி 1,200. கல்லாவிலிருந்து கொடுத்ததாகப் பதிந்தது 850. ஆகவே இருக்க வேண்டியது 20,810. எண்ணியதில் இருந்ததோ 20,450. 360 ரூபாய் குறைந்தது.

வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம். அந்த ஐயத்துடன் செலவுச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பால்காரருக்குக் கொடுத்த 840, தாளில் 480 என்று ஏறியிருந்தது. திருத்தியதும் கணக்கு நேரானது. பணத்தை மறுபடி எண்ணத் தொடங்கியிருந்தால் அரை மணி நேரம் வீணாகியிருக்கும், கடைப் பையன் மீது வீண் சந்தேகமும் விழுந்திருக்கும்.

குறையும் தொகை ஒரு பில்லின் தொகையோடு அப்படியே பொருந்தினால், வாடிக்கையாளர் யுபிஐயில் செலுத்தியதை ரொக்கம் என்று பதிந்திருப்பார்கள். சரியாக 300 குறைந்தால், 200 ரூபாய் நோட்டுக்குப் பதில் 500 ரூபாய் நோட்டை மீதியாகக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு. அது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஒன்றிரண்டு ரூபாய் குறைவது சில்லறைத் தட்டுப்பாட்டால் தினமும் நிகழ்வது. அதைத் துரத்தாமல் மாதக் கடைசியில் மட்டும் கூட்டிப் பார்க்கிறேன்.

2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி 2023 மே மாதம் அறிவித்த பிறகு, சில மாதங்களில் அந்த வரியை நீக்கினேன். வரி நீங்கியதும் வாய்பாட்டின் எல்லை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

இந்தத் தாளால் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு. பில் போடாமல் பொருளைக் கொடுத்து, அந்தப் பணத்தைக் கல்லாவில் போடாமல் விட்டால், இரவுக் கணக்கு ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் நிற்கும். அதற்காக எண்ணெய்ப் பாக்கெட், சிகரெட் போன்ற வேகமாக நகரும் சரக்குகளை வாரம் ஒருமுறை தனியே எண்ணுகிறோம்.