பீட்டா கணிக்க: தினசரி வருமானமா, மாத வருமானமா?

சந்தை நகரும்போது ஒரு பங்கு எவ்வளவு நகர்கிறது என்பதன் அளவே பீட்டா. அதிகம் கைமாறாத பங்கின் பீட்டாவைத் தினசரித் தரவு குறைத்துக் காட்டும். சந்தை இன்று ஏறினால் அந்தப் பங்கு நாளைதான் நகரும். ஒரே நாள் ஜோடியில் அந்தத் தொடர்பு பதிவாகாது. மாத வருமானத்தில் இந்தத் தாமதம் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் 5 ஆண்டுக்கு 60 புள்ளிகள்தான் கிடைக்கும். திட்டப்பிழை 0.25 என்றால், 1.1 என்ற பீட்டா ஏறக்குறைய 0.6 முதல் 1.6 வரை எங்கும் இருக்கலாம்.

தினசரி 0.6, மாதம் 1.1 என்று வந்ததாக வைப்போம். இடரற்ற வட்டி 4%, சந்தையின் கூடுதல் வருமானம் 5% என்றால், எதிர்பார்க்கும் வருமானம் முறையே 7%, 9.5%.

முந்தைய நாள் சந்தை வருமானத்தையும் ரிக்ரஷனில் சேர்த்து, இரு கெழுக்களையும் கூட்டிப் பாருங்கள். 0.6 நன்றாக ஏறினால் மாதக் கணக்கே மேல். தாராளமாகக் கைமாறும் பங்குக்குத் தினசரி போதும்.

எக்செலில் `=SLOPE(B2:B61,C2:C61)` போடும்போது முதலில் பங்கு, பிறகு சந்தை. மாற்றிப் போட்டாலும் ஏதோ ஓர் எண் வரும், அது பீட்டா அல்ல.