டச்பேடு அழுந்தாமல் போன அன்று: ரீஃபர்பிஷ்டு லேப்டாப்புடன் இரண்டரை ஆண்டுகள்

போன வாரம் என் லேப்டாப்பின் டச்பேடு திடீரென்று கல் மாதிரி ஆகிவிட்டது. விரலால் நகர்த்தினால் அம்பு நகர்கிறது, ஆனால் அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. மேஜையில் வைத்துப் பார்த்தேன், லேப்டாப் லேசாக ஆடியது. அடிப்பக்கத்தைத் திறந்தபோது காரணம் தெரிந்துவிட்டது. பேட்டரி அப்பளம் மாதிரி உப்பி, கீழிருந்து டச்பேடை முட்டிக்கொண்டு நின்றது. இந்த மெஷினில் நான் பார்க்கும் மூன்றாவது பேட்டரி இனிமேல்தான் வரப்போகிறது.

அதே நாள் சாயங்காலம் நண்பர் ஒருவர் அழைத்தார். மகள் முதலாமாண்டு பொறியியல் படிக்கிறாள், லேப்டாப் வாங்க வேண்டும், புதிதா, பழசைச் சரிசெய்து விற்கும் ரீஃபர்பிஷ்டா, மாணவர் சலுகையில் கிடைப்பதா என்று கேட்டார். எங்கள் குடும்பத்திலேயே இந்த மூன்று வகையும் ஓடிக்கொண்டிருப்பதால் அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என்னுடையது. 2023 ஜூலையில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 24,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஐடி கம்பெனியில் ஓடிவிட்டு வெளியே வந்த 14 அங்குல பிசினஸ் மாடல், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. எட்டாம் தலைமுறை என்று பார்த்து வாங்கியதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் சில்லுகள், ஒன்றிரண்டு விலக்கு தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இப்போது அடிமாட்டு விலைக்குக் கிடைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இந்த மெஷினை நான் மனசாரப் பாராட்டுவேன். கீபோர்டு அவ்வளவு சுகம், நாள் முழுக்கத் தட்டச்சு செய்தாலும் விரல் வலிக்காது. அடியில் உள்ள சில ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் மூடி கழன்று வருகிறது. உள்ளே ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, ஃபேன் எல்லாம் தனித்தனியாக மாற்றும்படி இருக்கின்றன. எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படம் போட்ட சர்வீஸ் கையேடு தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இன்னொரு 8 ஜிபி ராமை 1,600 ரூபாய்க்கு வாங்கி நானே பத்து நிமிடத்தில் போட்டேன். திரை மூடியின் கீல் இன்றுவரை இறுக்கமாக, ஆட்டமில்லாமல் நிற்கிறது.

என் பொறுமையைச் சோதிப்பது பேட்டரிதான்.

வாங்கிய அன்று கடைக்காரர் "பேட்டரி புதுசு சார்" என்றார். நானும் வெறும் பேச்சை நம்பவில்லை, கட்டளை கொடுத்துப் பார்த்தேன்.

```
powercfg /batteryreport
```

விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இதைக் கொடுத்தால் ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதில் DESIGN CAPACITY என்பது பேட்டரி பிறக்கும்போது இருந்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY என்பது இப்போது முழுதாக ஏறும் அளவு. என் அறிக்கையில் இரண்டும் 50,000 mWh, அதாவது 50 வாட்-மணி, ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்று சொல்லும் CYCLE COUNT பூஜ்யம். அசந்துபோய்ப் பணத்தைக் கொடுத்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். இந்த எண்களை விண்டோஸ் அளந்து சொல்வதில்லை. பேட்டரிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் என்ன சொல்கிறதோ அதையே எழுதிக் காட்டுகிறது. நல்ல பேட்டரியில் அந்த சர்க்யூட் ஒவ்வொரு முறையும் ஏறியதையும் இறங்கியதையும் கணக்கு வைத்து எண்ணைத் திருத்திக்கொண்டே வரும். மலிவான டூப்ளிகேட் பேக்கில் ஏதோ ஓர் எண்ணை எழுதி வைத்துவிடுகிறார்கள், அது அப்படியே நிற்கும். உண்மையான பேட்டரியில் கொஞ்ச நாள் சார்ஜ் ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் இரண்டு எண்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வந்துவிடும். மாதக்கணக்கில் ஓடிய பிறகும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

என் வேலைக்கு இந்த மெஷின் சராசரியாக எட்டு வாட் இழுக்கிறது. 50 வாட்-மணி என்றால் ஆறு மணி நேரமாவது வர வேண்டும். முதல் வாரமே மூன்று மணி நேரம்தான் வந்தது. 35 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடும். திரும்பக் கடைக்குப் போனேன். லேப்டாப்புக்கு ஆறு மாதம் வாரண்டி, பேட்டரிக்கும் அடாப்டருக்கும் ஒரு மாதம் என்று பில்லின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. "ஆன் ஆகுதில்ல சார், அப்ப பேட்டரி ஓகேதான்" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதத்தில் அது செத்தே போனது. அவசரத்தில் 2,200 ரூபாய்க்கு, அசல் அல்லாத வேறு கம்பெனியின் கம்பேட்டிபிள் பேக் ஒன்றைப் போட்டேன். இப்போது உப்பியிருப்பது அதுதான். இந்த முறை தயாரிப்பாளரின் பார்ட் எண்ணைக் கொடுத்து அசல் பேட்டரியை 4,800 ரூபாய்க்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரீஃபர்பிஷ்டு வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அரை மணி நேரம் செலவழியுங்கள். முழு சார்ஜில் அடாப்டரைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தை முழுதாக வைத்து, ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். இந்த அளவு லேப்டாப் அப்போது பத்து வாட் சுமாருக்கு இழுக்கும். அரை மணியில் பத்து, பன்னிரண்டு சதவீதம் குறைந்தால் நியாயம். இருபதுக்கு மேல் குறைந்தால் பேட்டரிக்கு 5,000 ரூபாயை விலையில் கழித்துக் கேளுங்கள். உப்பிய பேட்டரியை மட்டும் அழுத்தியோ குத்தியோ பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, கழற்றி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் கடையிலேயே செய்ய வேண்டியது. லேப்டாப்பை ரீசெட் செய்து, முதல் செட்டப்பின்போது இணையத்தில் இணையுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்டால், பழைய நிறுவனம் தன் பட்டியலிலிருந்து அந்த மெஷினை இன்னும் விடுவிக்கவில்லை என்று அர்த்தம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, புதிது எப்படி? என் தம்பி அடுத்த சில மாதங்களில் 38,000 ரூபாய்க்குப் புதிய லேப்டாப் வாங்கினான். பளபளவென்று, எடை குறைவாக, என்னுடையதைவிட வேகமாகவும் இருந்தது. வாரண்டி ஒரு வருடம். பதினான்காவது மாதம் மூடியைத் திறக்கும்போது 'டக்' என்று சத்தம், திரையின் கீழ் விளிம்பு பிளந்துகொண்டது. இந்த விலை மாடல்களில் கீலின் ஸ்க்ரூக்கள் பிடித்து நிற்பது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டுகளில். கீல் நாளாக ஆக இறுகும். ஒரு மூலையைப் பிடித்துத் திறப்பவர்களுக்கு மொத்த விசையும் ஒரு பக்க நட்டில் விழும், நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். வாரண்டி இருந்தாலும் பெரும்பாலும் இதை உடைப்பு என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். தம்பிக்குக் கீலும் உடைந்த பாடி பாகமும் மாற்ற 6,500 ரூபாய் ஆனது. பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் 1,200 கேட்டார், நல்லவேளை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. திறக்கும்போது மூடி முன்பைவிடக் கடினமாகிறது, ஓரம் லேசாகப் பிரிகிறது என்றால் அப்போதே கீலைத் தளர்த்தி எண்ணெய் விடச் சொல்லுங்கள், சில நூறு ரூபாயோடு போகும். அப்புறம், அவன் லேப்டாப்பில் 8 ஜிபி ராம் போர்டிலேயே சால்டர் செய்தது, கூடுதல் ஸ்லாட் கிடையாது. அந்தக் குறைக்கு மருந்தே இல்லை.

மூன்றாவது, அக்கா மகளுடையது. கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி மாணவர் சலுகையில் 56,000 ரூபாய்க்கு வாங்கினோம். 16 ஜிபி ராம். உண்மையைச் சொன்னால் விலைக்குறைப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. அதே மாடல் தீபாவளி விற்பனையில் ஏறக்குறைய அதே விலைக்கு வந்தது. ஆனால் சலுகையோடு இன்னொன்றையும் கொடுத்தார்கள். மேற்கொண்டு 1,500 ரூபாய் கட்டினால் வாரண்டி மூன்று வருடமாகிறது, கூடவே விபத்துப் பாதுகாப்பும் வருகிறது. தனியாக வாங்கினால் அது பல ஆயிரம். போன வருடம் ஹாஸ்டல் கட்டிலிலிருந்து லேப்டாப் விழுந்து திரை நொறுங்கிவிட்டது. வெளியே மாற்ற 9,000 சொன்னார்கள். விபத்துப் பாதுகாப்பில் வருடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் ஆள் ஹாஸ்டலுக்கே வந்து, ஒரு ரூபாய் வாங்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவளுடைய வாரண்டித் தாளிலும் பேட்டரிக்கு மட்டும் ஒரு வருடம்தான் போட்டிருக்கிறது. மூன்று வருட வாரண்டி என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பேட்டரிக்கான வரியைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

கணக்குப் பார்த்தால் எனக்கு இதுவரை 33,100 ரூபாய், தம்பிக்கு 44,500, அக்கா மகளுக்கு 57,500. காகிதத்தில் நான்தான் ஜெயித்திருக்கிறேன். என் மெஷின் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்றும் நம்புகிறேன்.

ஆனால் நண்பரிடம் மாணவர் சலுகையில் வாங்குங்கள் என்றுதான் சொன்னேன். விபத்துப் பாதுகாப்பு சேர்ந்து வந்தால் மட்டும், 16 ஜிபியாக மட்டும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்பது இப்போது கைகொடுக்காது. எனக்கு ஒரு நாள் பேட்டரி செத்தால் அடாப்டரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், ஸ்க்ரூடிரைவர் எடுத்துத் திறப்பேன். அந்தப் பெண்ணுக்கு லேப் தேர்வுக்கு நடுவில் 35 சதவீதத்தில் அணைந்தால் யார் பதில் சொல்வது? "புதுசு" என்று ஒருவர் சொன்ன சொல்லை நம்பி இரண்டரை வருடத்தில் இரண்டு பேட்டரியைத் தூக்கிப் போட்டவன் நான். இன்னொரு வீட்டுப் பிள்ளையை அந்தத் தெருவுக்கு அனுப்ப எனக்கு இப்போது மனம் வரவில்லை.

நண்பர் விடவில்லை. "அப்படின்னா உங்களுடையதை எனக்குக் கொடுத்துடுங்க, பேட்டரி நான் போட்டுக்கறேன்" என்றார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அசல் பேட்டரி வெள்ளிக்கிழமை வருகிறது. அதுவரை பேட்டரியே இல்லாமல், அடாப்டரில் நேராக ஓட்டித்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். டச்பேடு பழையபடி அழுந்துகிறது.