வென்ச்சுரி மீட்டர்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பைப்பை நடுவில் குறுக்கி, அங்கே குறையும் அழுத்தத்தை வைத்து ஓட்டத்தை அளப்பது வென்ச்சுரி. தண்ணீர் லைனில் வருடக்கணக்கில் ஓடும் ஒன்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது: மீட்டர் உடம்பு ஏறக்குறைய தொந்தரவே தராது. அசையும் பாகம் கிடையாது. குறுகிய பகுதியான தொண்டைக்குப் பின் பைப் மெதுவாக விரிவதால் தொண்டையில் இழந்த அழுத்தத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. தொல்லையெல்லாம் தொண்டைக்கு முன்னாலிருந்தும் தொண்டையிலிருந்தும் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு இறங்கும் இரண்டு மெல்லிய இம்பல்ஸ் லைன்களில்தான்.

கிடைமட்டமான 100 மி.மீ. பைப், 50 மி.மீ. தொண்டை, குணகம் 0.984 என்று வையுங்கள். அழுத்த வித்தியாசம் 25 கிலோபாஸ்கல் இருந்தால் ஓட்டம் மணிக்குச் சுமார் 51 கன மீட்டர். வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் ஓட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் வித்தியாசம் நூறில் ஒன்றாகிவிடும்: 0.25 கிலோபாஸ்கல், அதாவது வெறும் 25 மி.மீ. தண்ணீர் உயரம்.

இப்போது தொண்டைப் பக்க லைனில் செங்குத்தாக 25 மி.மீ. நீளத்துக்குக் காற்றுக் குமிழி சிக்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர்த் தூண் அவ்வளவு எடை குறைகிறது. முழு ஓட்டத்தில் பிழை அரை சதவீதம்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தில் 41 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பம்பை நிறுத்தினாலும் மணிக்கு 5 கன மீட்டர் ஓடுவதாகச் சொல்லும். குமிழி எதிர்ப்பக்க லைனில் இருந்தால், உண்மையில் ஓடும் அந்த 5 கன மீட்டரும் பூஜ்யமாகத் தெரியும்.

வழக்கமான பூஜ்ய சோதனை இதைப் பிடிக்காது. டிரான்ஸ்மிட்டருக்கு முன்னுள்ள வால்வுத் தொகுப்பான மேனிஃபோல்டில் ஒரு பக்க வால்வை மூடி, இரு பக்கத்தையும் இணைக்கும் ஈக்வலைசிங் வால்வைத் திறந்தால் இரு பக்கமும் ஒரே லைனின் அழுத்தத்தைத்தான் பார்க்கின்றன. குமிழி இருந்தாலும் பூஜ்யம் சுத்தமாக வரும். பைப்பில் ஓட்டத்தை நிறுத்தி, அழுத்தத்தை அப்படியே வைத்து, இரு பக்க வால்வும் திறந்து, ஈக்வலைசரை மூடிப் பாருங்கள். பூஜ்யம் நகர்ந்தால் கோளாறு லைனில். அங்கே டிரான்ஸ்மிட்டர் பூஜ்யத்தைத் திருகிச் சரிசெய்வது குமிழியை மறைப்பதுதான். குமிழி கிளம்பியதும் பிழை எதிர்த்திசையில் வரும்.

வெளியேற்ற, ஈக்வலைசரைத் திறந்து மறுபக்க வால்வை மூடி, டிரான்ஸ்மிட்டர் வெண்ட்டை மெதுவாகத் திறந்து குமிழியில்லாத தண்ணீர் வரும்வரை விடுங்கள். பிறகு அடுத்த பக்கம். திரும்பத் திரும்ப வந்தால் பைப்பிங்கைப் பாருங்கள். தண்ணீருக்கு, லைன் கிளம்பும் துளையான டேப்பிங் பைப்பின் பக்கவாட்டில், டிரான்ஸ்மிட்டர் கீழே, இடையில் லைன் எங்கும் மேடு தட்டாமல் இறங்க வேண்டும். மேடு இருந்தால் காற்று அங்கேதான் தங்கும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் குறைந்த ஓட்டத்தை வெட்டிவிடும் செட்டிங்கை உயர்த்தி இந்தப் போலி ஓட்டத்தை மறைக்கிறார்கள். திரை பூஜ்யம் காட்டும், நடு ஓட்டத்தில் பிழை அப்படியே இருக்கும்.

தொண்டையில் உப்பு படிவது வேறு விஷயம். சுற்றிலும் அரை மி.மீ. படிந்தாலே நாலு சதவீதம் கூடுதலாகக் காட்டும், அதுவும் எல்லா ஓட்டத்திலும் ஒரே விகிதத்தில். குமிழிப் பிழையோ ஓட்டம் குறையக் குறையப் பெருகும். கடின நீர் ஓடும் லைனில் தொண்டையைத் திறந்து அளக்க வழி வைத்துக்கொள்ளுங்கள்.